வட்டத் தூணின் கணக்கு

வட்டத் தூணுக்கான கான்கிரீட் அளவைக் காண, விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆலும் உயரத்தாலும் பெருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட தூணுக்கு 0.21 கனமீட்டர் வரும். இது எளிது; தவறு நேர்வது பெரும்பாலும் ரிங் கம்பியில்தான்.

கம்பி துருப்பிடிக்காமல் இருக்க, தூணில் ரிங்குக்கு வெளியே 4 சென்டிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். இதைத்தான் கவர் என்கிறார்கள். கவர் இரு பக்கமும் உண்டு என்பதால் விட்டத்தில் 8 சென்டிமீட்டர் கழியும். ரிங்கின் வெளிவிட்டம் 22. ஒரு பக்கம் மட்டும் கழித்து 26 என்று வளைத்துவிட்டால் கவர் பாதியாகிவிடும். பலகை அடைத்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது. கூட்டை இறக்குமுன் டேப் வைத்துப் பார்ப்பதே வழி.

8 மில்லிமீட்டர் கம்பியில் வளைத்த ரிங்கின் நடுக்கோட்டு விட்டம் 21.2, சுற்றளவு சுமார் 67 சென்டிமீட்டர். இரு கொக்கிகளுக்கு 16 சேர்த்தால், ஒரு ரிங்குக்கு 83 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 இடைவெளிகள்; ரிங்குகளோ 21. மொத்தம் சுமார் 17.4 மீட்டர். மீட்டருக்கு 0.395 கிலோ வீதம், ஏறத்தாழ 7 கிலோ கம்பி.