முதல் நிமிடத்திலேயே கேட்கச் சொல்லுங்கள்

(இணையவழிப் பயிற்சிகளை ஒருங்கிணைக்கவுள்ள கருத்தாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் இணையவழிப் பயிற்சிகளில் எண்ணூறு பேர், ஆயிரம் பேர் கூட இணைகிறார்கள். முதல் நிமிடத்தில் சாட் பெட்டியைப் பாருங்கள். "வணக்கம் ஐயா", "குட் மார்னிங்", பள்ளியின் பெயர், ஒன்றியத்தின் பெயர், "சத்தம் கேட்கவில்லை" என்று திரை ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் சொல்லாமலே அது வருகைப் பதிவேடு ஆகிவிடுகிறது. நடுவில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருப்பார். பத்து விநாடியில் அது மேலே போய் மறைந்துவிடும். பதில் வராததைப் பார்த்தவர் இரண்டாவது முறை கேட்பதில்லை.

ஆகவே முதல் வேலை, வருகைப் பதிவைச் சாட்டிலிருந்து பிரிப்பது. அதற்கு ஒரு கூகுள் படிவம் போதும். "வருகைக்கான படிவம் நிகழ்ச்சியின் முடிவில் வரும், இப்போது பெயர் போட வேண்டாம்" என்று வணக்கம் சொன்ன கையோடு சொல்லிவிடுங்கள். பாதிப் பேராவது நிறுத்துவார்கள்.

இரண்டாவது, அமைப்பைச் சரிபார்ப்பது. ஜூம் வெபினாரில் பங்கேற்பாளர் யாருக்கு எழுதலாம் என்பதை நடத்துபவர்தான் முடிவு செய்கிறார். அது Hosts and panelists என்று இருந்தால் எழுதுவது நமக்கு மட்டுமே தெரியும். மற்ற ஆசிரியர்கள் வெறும் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். வெறும் பெட்டியில் முதலில் எழுத யாருக்குத்தான் மனம் வரும்? Everyone என்று மாற்றுங்கள். கேள்விகளுக்கு Q&A என்ற தனிப் பெட்டி இருக்கிறது. அதில் கேள்வி ஓடிப்போகாது, பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்கும். சாட்டில் பதில், Q&A-வில் கேள்வி என்று பிரித்துச் சொல்லிவிட்டால் குழப்பம் குறையும்.

இப்போது ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். தலைப்பு, ஐந்தாம் வகுப்பில் பின்னங்கள். "உங்கள் கேள்விகளைச் சாட்டில் பதிவிடலாம்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் வராது. நான் இப்படிச் சொல்வது வழக்கம்: "அனைவருக்கும் வணக்கம். இன்று பின்னங்கள். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை ½ + ⅓ = ⅖ என்று எழுதினால் அது எப்படி நினைத்து எழுதியிருக்கும்? ஒரே வரியில் சாட்டில் எழுதுங்கள். பின்னங்களில் உங்களைத் தடுமாற வைக்கும் இடம் எதுவோ அதை Q&A-வில் இப்போதே கேளுங்கள். கடைசிவரை காத்திருக்க வேண்டாம்."

இதில் எல்லாராலும் பதில் சொல்லக்கூடிய சிறு வினா ஒன்று இருக்கிறது. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிட்டது என்று சட்டென எழுதிவிடலாம். ஒருமுறை விரல் எழுதிப் பழகிவிட்டால் அடுத்து கேள்வி எழுதுவது எளிது. "எப்போது கேட்கலாம்" என்ற தயக்கமும் போய்விடுகிறது.

அப்படி ஒரு நிகழ்ச்சியில் நான்காவது நிமிடத்தில் ஒரு கேள்வி வந்தது: "பகுதிகளைச் சமமாக்கு என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் சமமாக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?" கருத்தாளர் தயாரித்து வந்த படங்களை நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். குறுக்கே இரண்டாகவும் நெடுக்கே மூன்றாகவும் மடித்தார். ஆறு கட்டங்கள். பாதி என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒரு பங்கு இரண்டு கட்டம். ஒரே அளவுக் கட்டமாக ஆன பிறகுதான் கூட்ட முடிகிறது, ஐந்து. அந்தக் கேள்வி கடைசி ஐந்து நிமிடத்தில் வந்திருந்தால் "நேரமில்லை, பிறகு பார்ப்போம்" என்றுதான் முடிந்திருக்கும்.

அழைத்தால் மட்டும் போதாது, ஐந்தாவது நிமிடத்துக்குள் ஒரு கேள்வியையாவது வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். பேசுபவரே சாட்டையும் பார்ப்பது முடியாத காரியம். அதற்கென்று இன்னொரு ஆசிரியரை உட்கார வையுங்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து "மூன்று பேர் இதைக் கேட்கிறார்கள்" என்று அவர் எடுத்துக்கொடுப்பார்.

தாமதமாக வருபவர்களுக்குத் தாங்கள் இணைவதற்கு முன் வந்த சாட் செய்திகள் பொதுவாகத் தெரியாது. எனவே அழைப்பை நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறையாவது ஒட்டச் சொல்லுங்கள்.

யூடியூப் நேரலை என்றால் வேறு சிக்கல். நாம் பேசுவது அங்கே சில விநாடிகள் கழித்து, சில நேரம் அரை நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேரும். கேட்டவுடன் திரையைப் பார்த்துவிட்டு "யாரும் எழுதவில்லையே" என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குக் கேள்வியே இன்னும் கேட்டிருக்காது. கேட்டுவிட்டு அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சொல்லிக்கொண்டிருங்கள். அதற்குள் பதில்கள் வந்து சேரும்.

இணைப்பை மூடுவதற்கு முன் சாட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளைப் பிரித்து, அந்த வாரத்துக்குள் பதில்களைக் குழுவில் போட்டுவிடுங்கள்.