பொய்யும் பொருந்தாப் பதிவும்



1949-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஏறத்தாழ 900 பேரிடம் சில எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. வாக்களித்தீர்களா, நூலக அட்டை உண்டா, அறநிதிக்குப் பணம் கொடுத்தீர்களா, வீட்டில் தொலைபேசி இருக்கிறதா என்பவை அவற்றுள் சில. பிறகு ஒவ்வொருவர் விடையையும் உரிய பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள். தொலைபேசி பற்றி மிகச் சிலரே தவறாகச் சொல்லியிருந்தார்கள். அறநிதி பற்றியோ மூன்றில் ஒரு பங்கினரின் சொல் பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை. பெருமை தரும் செயலென்றால் மக்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று நம் துறை அன்று கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் சரிதான். ஆனால் பதிவேட்டில் பெயர் கிடைக்காத ஒவ்வொருவரையும் பொய் சொன்னவராக எண்ணும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

வாக்களிப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். வாக்களித்தாரா என்பது பதிவேட்டில் இருக்கும். 2008-இல் தகுதியுடையோரில் சுமார் 62 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் பங்கேற்று நடத்தும் தேசியத் தேர்தல் ஆய்விலோ முக்கால் பங்கினருக்கும் மேல் வாக்களித்ததாகச் சொன்னார்கள். இந்த இடைவெளி முழுவதும் பொய்யாகிவிடாது. அரசியலில் அக்கறை உள்ளவர்களே மணிக்கணக்கில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல இசைகிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வாக்களிப்பவர்கள். ஆளுக்கு ஆள் பதிவேட்டைத் தேடினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

தேடுவதில்தான் சிக்கல். ஆய்வுக்கும் பதிவேட்டுக்கும் பொதுவான அடையாள எண் கிடையாது. பெயர், பிறந்த தேதி, முகவரி இவற்றைக் கொண்டே பொருத்த வேண்டும். ஒரு பெண் ஆய்வாளரிடம் கேத்தரின் மில்லர் என்று பெயர் சொல்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் அவர் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரில், கேத்தி ஜான்சனாக, பழைய முகவரியில் இருக்கிறார். பிறந்த தேதி மட்டும் ஒத்துப்போகிறது. அதை வைத்துப் பொருத்தினால் வேறொருவரைப் பிடித்துவிடலாம். விட்டுவிட்டால் வாக்களித்தவரைப் பொய்யராக்குவோம்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். 1,000 பேரிடம் கேட்கிறோம். 750 பேர் உண்மையில் வாக்களித்தவர்கள். அவர்கள் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். வாக்களிக்காத 250 பேரில் 50 பேர் வாக்களித்ததாகச் சொல்கிறார்கள். ஆக 800 பேர் 'ஆம்' என்கிறார்கள். இப்போது வாக்களித்தவர்களில் ஆறில் ஒருவரை, அதாவது 125 பேரை, பதிவேட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. 'கிடைக்கவில்லை' என்பதை 'வாக்களிக்கவில்லை' என்று குறித்தால், வாக்களித்தோர் 625 பேர் என்று வரும். பொய் சொன்னவர்கள் 50 பேர் என்பது 175 ஆகிவிடும். இதில் ஆபத்து எங்கே என்றால், 62.5 என்ற விழுக்காடு அதிகாரபூர்வக் கணக்கான 62-ஐத் தொட்டு நிற்கிறது. முறை சரியென்று மனம் நிறைந்துவிடுகிறது. இந்த மாதிரியின் உண்மையான அளவோ 75. ஆர்வலர்கள் அதிகம் சேர்ந்த பிழையும் பொருத்தம் தவறிய பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் அந்த நிறைவு.

பெரண்ட், குரோஸ்னிக், லூபியா மூவரும் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஐயத்தைத்தான் எழுப்பினார்கள். எனாமொராடோவும் இமாயும் 2019-இல் அதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். 18 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட தேசிய வாக்காளர் கோப்போடு நிகழ்தகவு முறையில் பொருத்திப் பார்த்து, மிகைக்கூற்று பெரும்பாலும் மெய்யாகவே இருக்கிறது என்றார்கள். அன்சோலபெஹியரும் ஹெர்ஷும் 2012-இலேயே இன்னொரு தடயத்தைத் தந்திருந்தார்கள். மிகையாகச் சொல்பவர்கள் படிப்பிலும் கட்சிப் பற்றிலும் வாக்களிப்பவர்களைப் போலவே இருக்கிறார்கள் என்பது அது. பொருத்தம் தவறுவது மட்டுமே காரணமாக இருந்தால், அடிக்கடி வீடு மாறுபவர்களும் பெயர் மாறியவர்களுமே அந்தக் கூட்டத்தில் மிகுந்திருக்க வேண்டும். எனக்கும் மிகைக்கூற்று மெய் என்றே படுகிறது. ஆனால் அதன் அளவைச் சொல்லும் உரிமை, பொருத்தப் பிழையைத் தனியே அளந்தவர்களுக்கே உண்டு.

அதை அளக்க ஒரு வழி இருக்கிறது. பதிவேட்டில் பெயர் கிடைத்தவர்களை மட்டும் முதலில் எடுத்து, அவர்களுள் வாக்களிக்காமலே வாக்களித்ததாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பெயரே கிடைக்காதவர்களை மூன்றாவது வகையாக வையுங்கள். பொருத்தும் விதியைச் சற்றுத் தளர்த்தியும் இறுக்கியும் ஓட்டினால் அந்த மூன்றாம் வகை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். கூடவே, வாக்களிக்கவில்லை என்று சொன்னவர்களில் பதிவேடு 'வாக்களித்தார்' என்று காட்டும் பேர்களையும் எண்ணுங்கள். வாக்களித்ததை மறைக்க யாருக்கும் பெரிதாகக் காரணமில்லை. விதியைத் தளர்த்தும்போது அந்த எண்ணிக்கை கூடினால், வேறொருவரின் பதிவை இவர் தலையில் கட்டுகிறோம் என்று பொருள்.

இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் முதல் அட்டவணையில் 'பொருந்தாதோர்' என்று ஒரு பத்தி இருக்கட்டும். அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.