ஐந்திலிருந்து ஆறுக்கு
(நாஞ்சில் நாட்டு உயர்நிலைப்பள்ளி ஒன்றில், ஆறாம் வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த மாணவரை வரவேற்று மாணவர் தலைவர் ஆற்றிய உரை)

புதிதாக வந்திருக்கும் தம்பியரே, தங்கையரே! மூத்த மாணவர் அனைவரின் சார்பிலும் உங்களை வரவேற்கிறோம்.

நேற்றுவரை நீங்கள் உங்கள் ஊர்ப் பள்ளியிலே மூத்தவர்கள். இன்று இங்கே யாவரினும் இளையவர்கள். இந்த மாற்றத்தில் மூன்று செய்திகளை முதல் நாளிலேயே அறிந்துகொண்டால் பின்னர் இடர்ப்பட நேராது. அவை வழி, உணவு, பாடவேளை என்பன.

முதலாவது வழி. நம்மிற் பலர் கால்வாய்க் கரை வழியாகவே வருகின்றோம். கோடையில் அக்கால்வாயில் இறங்கி விளையாடியிருப்பீர்கள். ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேதான் கன்னிப்பூ சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் திறந்துவிடுவது வழக்கம். தென்மேற்குப் பருவமழையும் அப்போதே தொடங்குகிறது. மே மாதத்தில் கணுக்கால் நனைத்த இடம் ஜூன் மாதத்தில் ஆளை இழுத்துவிடும். நீர் கலங்கிச் செந்நிறமாக ஓடினால் படித்துறையின் கடைசிப் படி எங்கேயென்று கண்ணுக்குத் தெரியாது. கரை மண்ணும் வழுக்கும். செருப்போ குடையோ நீரில் விழுந்தால், எடுக்கக் குனியவே வேண்டா. போனது போகட்டும், வீட்டில் ஏசுவார்கள் என்று அஞ்சினால் நாங்கள் உடன் வந்து சொல்கிறோம். ஒவ்வோர் ஊர் வழிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவரை வழித்துணையாக அமர்த்தியுள்ளோம். கரையில் நடக்கும்போது அவர்கள் நீர்ப்புறமும் நீங்கள் வயற்புறமுமாக வரவேண்டும்.

இரண்டாவது உணவு. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்டது. சென்ற ஆண்டு பள்ளியிலேயே காலையுணவு உண்டவர்கள், அதே நினைவில் இன்றும் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். இனி வீட்டில் உண்டுவிட்டே புறப்படுங்கள். அதற்கு இயலாத வீடாயின் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். அதில் நாணத்திற்கு இடமில்லை. நண்பகல் உணவு இங்கேயும் உண்டு. முற்பகலில் உண்போர் தொகையைக் கணக்கெடுத்து, ஆறாம் வகுப்பினர்க்கு ஆளுக்கு 150 கிராம் வீதம் அரிசி அளப்பார்கள். கணக்கெடுக்கும்போது கூச்சத்தால் கை தூக்காதிருந்துவிட்டால் உங்கள் பங்கு உலையில் ஏறாது.

மூன்றாவது பாடவேளை. ஊர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியரே பல பாடங்களையும் கற்பித்திருப்பார். உங்கள் முகம் வாடினால் அவருக்கு உடனே தெரியும். இங்கே மணி அடிக்கும்போதெல்லாம் ஆசிரியர் மாறுவார். காலையில் நீங்கள் கணக்கில் இடறியது மாலையில் வரும் தமிழாசிரியருக்குத் தெரியாது. ஆகவே நீங்களே வாய் திறந்து சொல்லவேண்டும். கரும்பலகையில் எழுதும் பாடவேளை அட்டவணையை இன்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அந்தந்த நாளுக்குரிய புத்தகங்களை மட்டும் எடுத்து வாருங்கள்.

முதல் வாரத்தில் சிலருக்குக் காலையில் மட்டும் வயிற்றுவலி வருவதை நாங்கள் கண்டிருக்கிறோம். பள்ளிக்குப் போகவேண்டா என்று வீட்டார் சொன்னவுடன் அவ்வலி நீங்கிவிடும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு பாடத்தைப் பற்றிய அச்சமே. ஒரு நாள் நின்றால் மறுநாள் பாடம் இன்னும் விளங்காது, அச்சம் இரட்டிக்கும். இவ்வாறு சில நாட்கள் நின்று, பின்னர் படிப்பையே விட்டுவிடுவோரும் உண்டு. ஆதலால் உங்கள் ஊர்ப் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வழித்துணை மாணவர் வீடு தேடி வருவார். கோள் சொல்ல அன்று, கூட்டி வரவே வருவார்.

வீட்டில் மலையாளம் பேசி வந்தவர்களும் உங்களுள் இருக்கலாம். தமிழ் எழுத்தில் தடுமாறினால் பிறர் நகைப்பரோ என்று எண்ணற்க. 1876-ஆம் ஆண்டில் தேரூரிலே பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் பள்ளியிலே மலையாளம் பயின்றவர். தமிழை வாணன்திட்டில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே சென்று கற்றார். பள்ளியில் கிடைக்காததை அவர் கேட்டுப் பெற்றார். உங்களுக்கோ கேட்பதற்கு ஆசிரியர் வகுப்பிலேயே இருக்கிறார். தடுமாறுவோரைப் பார்த்து நகைப்பவர் யாராயினும் எங்களிடம் சொல்லுங்கள். அவரோடு நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்போது முதல் மணி அடிக்கப் பத்து நிமிடமே உள்ளது. வழித்துணை மாணவர்கள் முன்னே வந்து நிற்கின்றார்கள். தத்தம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவரவரிடம் சென்று சேருங்கள். உங்கள் வகுப்பறையையும், குடிநீர் உள்ள இடத்தையும், கழிப்பறையையும் காட்டிய பின்னரே அவர்கள் தம் வகுப்புக்குச் செல்வார்கள். காலையுணவு உண்ணாமல் வந்தவர்கள் இப்போதே அவர்கள் காதில் சொல்லிவிடுங்கள்.