சம்பளச் சிட்டை இனி போனில் வரும்: பார்க்க வேண்டியது எங்கே?

(பாலமுனைக் கிளைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோட்டத்திலிருந்து லீவில் வந்திருக்கிற தோழர்களே, அவர்கள் அனுப்பும் சம்பளத்தில் இங்கே வீடு நடத்துகிற உம்மாமார்களே, ராத்தாமார்களே,

இந்த மாதத்திலிருந்து கம்பெனி கடதாசிச் சிட்டையைக் குறைத்துக்கொண்டு, லீவு, சம்பளச் சிட்டை, குடும்ப விபரம் மூன்றையும் ஒரு இணையப் பக்கத்தில் வைக்கப்போகிறது. அறிவித்தல் ஆங்கிலத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. திரையும் ஆங்கிலம்தான். தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன் இல்லாதவருக்குக் கடதாசி லீவுப் படிவத்தை நிறுத்தக் கூடாது என்றும் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை காத்திருக்க முடியாது, ஏனென்றால் சிட்டை இப்போதே அங்கே போய்விட்டது. அதனால் இன்றைக்கு அதைத் திறப்பது எப்படி என்றும், திறந்த பிறகு எதைப் பார்ப்பது என்றும் சொல்கிறோம். திறப்பது பத்து நிமிட வேலை. பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் திறப்பது. தோட்டக் காரியாலயத்தில் உங்கள் செக்ரோல் இலக்கமும் முதல் கடவுச்சொல்லும் எழுதிய ஒரு துண்டு தருவார்கள். பக்கத்தின் முகவரி அதிலேயே இருக்கும். போனில் முகவரியை அடித்து, இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் போட்டால், புதுக் கடவுச்சொல் கேட்கும். அதை நீங்களே வையுங்கள். பிறகு உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் கொண்ட ஒரு குறுஞ்செய்தி வரும், அதையும் போட வேண்டும். அங்கே யாருடைய போன் இலக்கம் பதிந்திருக்கிறது என்று அப்போதே பாருங்கள். கணக்கப்பிள்ளையின் இலக்கமோ கடைக்காரரின் இலக்கமோ இருந்தால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். அந்தக் குறுஞ்செய்தி யாருக்கு வருகிறதோ, அவர் உங்கள் பேரில் லீவு போடலாம், விபரம் மாற்றலாம். உங்கள் கையெழுத்தை அவரிடம் கொடுத்த மாதிரிதான். வீட்டில் ஒரே போன் இருந்தால் மகன், மகள் போனைப் பதிவதில் தப்பில்லை. கொமினிகேஷன் கடையில் திறந்தால், Log out என்பதை அழுத்திவிட்டு எழும்புங்கள்.

உள்ளே போனதும் சம்பளத்துக்கு முன் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். எங்களுக்கு வருகிற முறைப்பாடுகளில் தீர்க்க அதிக நாள் எடுப்பது இந்த இடத்தில் வரும் பிழைதான்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் V அல்லது X எழுத்தும் இருக்கும். புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. இரண்டும் ஒரே ஆளைத்தான் குறிக்கும். ஒன்றிலிருந்து மற்றதை எடுக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. உதாரணத்துக்கு நாங்களாகப் போட்ட ஒரு இலக்கம்: 803401234V. முதல் இரண்டு, 80, பிறந்த வருசம். அதை 1980 என்று முழுதாக எழுதுங்கள். அடுத்த மூன்று, 340, வருசத்தில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண்களுக்கு இதோடு 500 கூட்டியிருக்கும், அதனால் ஒரு ராத்தாவின் அட்டையில் அது 840 என்று இருக்கும். அதற்குப் பிறகு ஒரு சைபர் போட்டு, மிச்சம் நான்கு இலக்கத்தையும் எழுதுங்கள். V போய்விடும். கிடைப்பது 198034001234. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு வரும்.

பழைய ஏட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது அந்தச் சைபர் விடுபடும், அல்லது இரண்டு இலக்கம் இடம் மாறும். சில நேரம் ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தரமும் புதிய இலக்கத்தில் ஒரு தரமும் இரண்டு பேராகப் பதிவாகிவிடுவார். எங்களுக்குத் தெரிந்த ஒரு காக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. மாதா மாதம் சம்பளம் சரியாக வந்ததால் அவர் எதையும் யோசிக்கவில்லை. 55 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனபோது, கடைசி மூன்று வருசக் காசு அவருடைய கணக்கில் இல்லை. காசு கட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒரு இலக்கம் பிழைத்த இன்னொரு பதிவில் கிடந்தது. அதைச் சேர்த்து எடுக்க, பழைய சிட்டைகளைத் தேடி, கம்பெனியிடம் கடிதம் வாங்கி, தொழில் காரியாலயத்துக்கு எத்தனையோ தரம் பஸ் ஏறினார். சிட்டைகளை அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் இன்னும் இழுபட்டிருக்கும். இனி சிட்டை கடதாசியில் வராது என்றால் அந்த டின் எங்கே? அதனால் ஒவ்வொரு மாதமும் சிட்டையைத் திறந்து, இறக்கி, போனில் சேமியுங்கள், அல்லது படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலையை விட்ட பிறகு கம்பெனி உங்களை அந்தப் பக்கத்துக்குள் விடாது.

இப்போது சிட்டை. அதில் பல வரிகள் இருக்கும். மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் விழுந்திருக்கிறது, நாட்சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு.

தேயிலை, இறப்பர் வேலைக்குச் சம்பள நிர்ணய சபை 2024 செப்டம்பரில் வைத்த 1,350 ரூபாயை வைத்துக் கணக்குப் பார்ப்போம். உங்களுடையது வேறாக இருந்தால் அதைப் போடுங்கள், வழி ஒன்றுதான். ஒரு மாதம் 25 பேர் விழுந்தால் 33,750 ரூபாய். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு நூற்றுக்கு 8, அது 2,700. கம்பெனி தன் பங்காக நூற்றுக்கு 12 போட வேண்டும், அது 4,050. இரண்டும் சேர்ந்து 6,750. சுகமாகப் பார்க்க ஒரு வழி: சம்பளத்தை ஐந்தாகப் பிரியுங்கள், ஒரு பங்கு உங்கள் சேமலாப நிதி. ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் வராது, அதைக் கழித்துவிட்டுப் பிரியுங்கள். நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பெனி கட்டும் நூற்றுக்கு 3 இதற்கு வெளியே. அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது.

ஒரு பேர் குறைந்தால் என்ன நட்டம்? 1,350 என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அதோடு சேமலாப நிதியில் கம்பெனி போட வேண்டிய 162 ரூபாயும் போகிறது. நம்பிக்கை நிதியத்தில் 40 ரூபாய் 50 சதமும் போகிறது. அரைப் பேர் போட்ட நாட்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். வீட்டுக் கலண்டரில் வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு, அரைப் பேருக்கு அரைக் கோடு, லீவுக்கு ஒரு வட்டம் போட்டு வாருங்கள். மலையில் வேலை செய்பவர் தினமும் இரவில் வீட்டுக்குப் பேசும்போது சொன்னால் போதும், இங்கே இருப்பவர் போடலாம். மாத முடிவில் சிட்டையோடு ஒப்பிட்டுப் பிழை இருந்தால், திகதியோடு சொல்லலாம். “இந்த மாதம் குறைகிறது” என்று போனால் திருப்பி அனுப்புவார்கள். “14ஆம் திகதிப் பேர் விழவில்லை” என்றால் செக்ரோலைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிட்டையில் 2,700 வெட்டியதாகக் காட்டுவது, காசு மத்திய வங்கிக்குப் போய்விட்டது என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஒரு மாதக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் கம்பெனிக்கு மேலதிகக் கட்டணம் விழும், நீண்ட தாமதத்துக்கு அது நூற்றுக்கு 50 வரை போகும். கட்டினார்களா என்று இந்தப் பக்கத்தில் தெரியாது. மத்திய வங்கியின் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றில்தான் தெரியும். கூற்று வரும்போது, சேமித்து வைத்த சிட்டைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லீவு போடுவது சுகம். Leave என்பதைத் திறந்து, எந்த வகை, எந்தத் திகதி முதல் எது வரை என்று போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பியதும் Pending என்று காட்டும். அது அனுமதி இல்லை. Approved என்று வந்த பிறகுதான் லீவு. பெருநாளைக்கு ஊருக்கு வர Pendingஐ நம்பி பஸ் ஏறினால், சிட்டையில் வராத நாளாகத்தான் விழும். அனுப்பிய திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாள் கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பிள்ளைப்பேற்று லீவைப் பற்றி ஒரு சொல். 2018இன் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். மூன்றாவது பிள்ளைக்குத் திரையில் 42 காட்டினால் அது பழைய கணக்கு, எங்களிடம் கொண்டு வாருங்கள்.

கடைசியாக விபரப் பக்கம். கல்யாணம், பிள்ளைகள், வாரிசு எல்லாம் அங்கே கேட்கும். வருமான வரி வரியும் இருக்கும். மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் எடுக்காதவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் வாரிசு என்ற இடத்தில் கவனம். அங்கே மனைவியின் பேரைப் போட்டால் அது கம்பெனியின் பதிவு மட்டும்தான். சேமலாப நிதிக்கு வாரிசு நியமிப்பது தனிப் படிவம், அது தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து, அப்போது உம்மாவின் பேரைக் கொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். திரையில் மாற்றிவிட்டோம் என்று அங்கேயே விட்டுவிடாதீர்கள். பேரின் எழுத்தும் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்க வேண்டும். முஹம்மது என்பதை ஒரு இடத்தில் சுருக்கி, இன்னொரு இடத்தில் விரித்து எழுதினால், பிற்காலத்தில் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டி வரும்.

சிக்கல் வந்தால் எங்கே போவது? கடவுச்சொல் மறந்தால், போன் இலக்கம் மாற்ற வேண்டுமென்றால் தோட்டக் காரியாலயம். முதல் துண்டின் அடியில் கம்பெனியின் உதவி இலக்கம் இருக்கிறது, துண்டை எறிய வேண்டாம். பேர் குறைந்தால், லீவை மறுத்தால் முதலில் உங்கள் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சேமலாப நிதி, வாரிசுப் படிவம், அட்டை இலக்கப் பிழை என்றால் கல்முனைத் தொழில் காரியாலயம். போகும்போது அடையாள அட்டையும், மூன்று மாதச் சிட்டையின் அச்சுப் பிரதியும் கொண்டு போங்கள். எந்தக் காரியாலயம் என்று தெரியாவிட்டால் 1919 அரசாங்கத் தகவல் நிலையத்தைக் கேட்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இப்போது கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே எழும்பிப் போக வேண்டாம். துண்டு கிடைத்தவர்கள் போனை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள், ஒவ்வொருவராகத் திறந்து அட்டை இலக்கத்தைப் பார்த்துவிடுவோம். கண் தெளிவில்லாதவர்கள் மகனையோ மகளையோ கூட்டி வாருங்கள். பிழை இருந்தால் எழுத வெள்ளைக் கடதாசி எங்களிடம் இருக்கிறது.