நூறாவது வீட்டுக்கு ஒரு நன்றி

(பூந்தமல்லியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம் எல்லாம் முடிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். டீ வருவதற்குள் ஒரு சின்ன விஷயம் பேசி விடுகிறேன். போன மாதம் ஊக்குநர்கள் கூட்டத்தில், "மேடம், வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லி போன்ல வீடியோ போடறாங்களே, அது எப்படிப் போடறது? நாங்க போட்டா விளம்பரம் மாதிரியே ஆயிடுது" என்று ஒருவர் கேட்டார். அதற்கு நானாக ஒரு பதில் சொல்வதை விட, நம்மில் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பேரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்!

அவர் குமணன்சாவடி பக்கம். குழுவில் உள்கடன் வாங்கி ஒரு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார். முதல் மாதம் 8 வீடு. இப்போது 100 வீடு ஆகிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நூறு பேர் ஆச்சு, ஒரு நன்றி வீடியோ எடுத்திருக்கேன், பாருங்க" என்றார்.

பார்த்தேன். மூன்று நிமிஷம் ஓடியது. காலேஜ் படிக்கிற மகன் எடுத்தது. பூ பறக்கிறது, பாட்டு ஓடுகிறது. "நூறு வாடிக்கையாளர்களைப் பெற்ற எங்கள் நிறுவனம்" என்று ஆரம்பம். அப்புறம் கிலோ என்ன விலை, அடை மாவும் கிடைக்கும், ஆர்டருக்கு அழையுங்கள், கடைசியில் பெரிய எழுத்தில் போன் நம்பர். நன்றி என்கிற வார்த்தை ஒரே ஒரு தடவை வந்தது.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "இந்த வீடியோ யாருக்கு அனுப்பப் போறீங்க?" "மாவு வாங்கறவங்களுக்குத்தான்." "அவங்க கிட்ட உங்க நம்பர் இல்லையா?" சிரித்து விட்டார். நம்பர் இல்லாமலா தினம் போன் பண்ணுகிறார்கள்? விலையும் அவர்களுக்குத் தெரியும், காசு கொடுப்பதே அவர்கள்தானே.

அன்றைக்கு அந்த வீடியோவை இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். இந்த வரி ஏற்கனவே வாங்குகிறவருக்கா, இன்னும் வாங்காதவருக்கா என்று கேட்டுக்கொண்டே போனோம். வாங்காதவருக்கு உள்ளதெல்லாம் விளம்பரம். விளம்பரம் தப்பில்லை, அதை இன்னொரு நாள் தனியாகப் போட்டுக் கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கேட்கிறவருக்கு, "ஓ, இதுக்குத்தான் நன்றி சொன்னாளா" என்று தோன்றிவிடும். அப்புறம் நீங்கள் மனசார சொன்ன நன்றி கூட எடுபடாது. அப்படி எடுத்துப் போட்டதில் மூன்று நிமிஷத்தில் மிஞ்சியது பத்து செகண்ட்தான்.

அடுத்தது கணக்கு. நூறு என்பது நிஜமாகவே நூறா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், அக்கம்பக்கத்தில் வாங்குகிறவர்களுக்கு நம் வியாபாரம் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும். கூட்டிச் சொன்னால் தெருவில் சிரிப்பார்கள். அவருடைய நோட்டில் 130 பேருக்கு மேல் இருந்தது. அதில் ஒரே தடவை வாங்கிவிட்டுப் போனவர்கள் பலர். ஒரே வீட்டில் மாமியார் பேரும் மருமகள் பேரும் தனித்தனியாக இருந்தது. ஆகவே ஆள் கணக்கை விட்டு வீட்டுக் கணக்கு எடுத்தோம். மூன்று மாதத்தில் நாலு தடவையாவது வாங்கிய வீடு எத்தனை என்று பென்சிலால் டிக் போட்டதில் 97தான் வந்தது. அவருக்கு முகம் வாடிவிட்டது. பரவாயில்லை என்று காத்திருந்தார். அடுத்த மூன்று வாரத்தில் நூறு ஆனது. அந்த நூறை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்போது என்ன பேசுவது? இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். "உங்கள் ஆதரவுக்கு நன்றி, மேலும் ஆதரவு தாருங்கள்" என்று பஸ் ஸ்டாண்டு தட்டியில் எழுதி வைத்த மாதிரி பேசி விடுகிறோம். அதை இட்லி மாவுக்காரரும் சொல்லலாம், இரும்புக் கடைக்காரரும் சொல்லலாம். நான் அவரிடம், "நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லாதீங்க. அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க, அதை யோசிங்க" என்றேன். முதலில், "காசு குடுத்தாங்க, வேற என்ன?" என்றார். கொஞ்ச நேரம் பேசப் பேச இரண்டு விஷயம் வந்தது.

ஒன்று, சித்திரை வெயிலில் மாவு புளித்துப் போனது. ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் கொடுப்பதற்குள் பொங்கி வழிகிறது, சூட்டில் புளிப்பு சீக்கிரம் ஏறிவிடுகிறது. அப்போது வாங்கினவர்கள் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகாமல் இவரிடமே வந்து, "புளிப்பா இருக்குதுக்கா" என்று சொன்னார்கள். அதன் பிறகுதான் வெயில் காலத்தில் விடியற்காலை அரைத்து, பொங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டு, "நீங்களே வெளியில வச்சுப் பொங்கினதும் ஃபிரிட்ஜ்ல வச்சுக்கோங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொன்று 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, கிரைண்டர் ஓடவில்லை, நாலு நாள் மாவே இல்லை. அப்போது சிலர் போன் செய்தார்கள். மாவு எப்போது வரும் என்று கேட்கவில்லை, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டார்கள். இதைச் சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. வீடியோ அதுதான் என்றேன்.

கடைசியில் அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், எழுதி வைத்திருக்கிறேன்.

"வணக்கம்க்கா, வணக்கம்மா. மாவு குடுக்கிறவ பேசறேன். போன வெள்ளிக்கிழமையோட நம்ம கிட்ட மாவு வாங்கற வீடு நூறு ஆச்சு. முதல் மாசம் எட்டு வீடுதான். சித்திரையில மாவு புளிச்சப்ப நீங்க வேற கடைக்குப் போகாம எங்கிட்டயே வந்து சொன்னீங்க. நீங்க சொன்னதாலதான் அரைக்கிற நேரத்தையே மாத்தினேன். புயல் அப்ப நாலு நாள் மாவே தரல. மாவு எங்கன்னு கேக்காம, வீட்டுல தண்ணி வந்துச்சான்னு கேட்டீங்க. அத நான் மறக்கல. நூறு வீட்டுக்கும் நன்றிக்கா."

அவ்வளவுதான். நாற்பது செகண்ட் கூட இல்லை. தப்பை ஒத்துக்கொண்டால் வியாபாரம் போய்விடுமே என்று மகன் பயந்தான். புளித்த மாவை வாங்கினதே அவர்கள்தான், அவர்களுக்குத் தெரியாததையா இவர் சொல்லப் போகிறார்?

எடுப்பது பற்றிக் கொஞ்சம். பெரிய ரோட்டுப் பக்கம் வீடு இருந்தால் லாரி சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ஆகவே காலை ஆறு மணிக்கு எடுத்தார்கள், ஃபேனை நிறுத்தி. ஜன்னல் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப் போகும். போனின் கேமரா கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும். நடுவில் போன் வந்து கெடுக்காமல் இருக்க ஃபிளைட் மோடு போட்டார்கள். பேப்பரைப் பார்த்துப் படித்தால் கண் கீழே போவது தெரிந்துவிடும், அதனால் நாலு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பின்னால் கிரைண்டர் தெரிந்தது. பாட்டு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேறு ஒரு இடத்தில் ஒரு சகோதரி, வீடு வீடாகப் பொருள் கொடுப்பதையே படம் எடுத்துப் போட்டார். ஒரு வீட்டின் கதவு நம்பரும், வாசலில் விளையாடிய குழந்தையும் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர் கோபப்பட்டார், நியாயம்தான். நாம் அனுப்பியதை ரெண்டு நாளைக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் யாராவது அதற்குள் இன்னொருவருக்கு அனுப்பியிருந்தால் அது நம் கையில் இல்லை. நம் மாவு அக்காவும் முதல் வாடிக்கையாளர் பேரைச் சொல்ல ஆசைப்பட்டார். போய்க் கேட்டபோது அந்த அம்மா, "எம் பேரு எதுக்கு, விடும்மா" என்றார். விட்டுவிட்டார். ஒருவர் பேரைச் சொன்னால் மற்ற 99 வீடும் "நாங்க இல்லையா" என்று நினைக்கும், அதுவும் இருக்கிறது. நூறாவது வீட்டுக்கு மட்டும் ஒரு கிலோ இலவசம் என்று மகன் சொன்ன யோசனையும் இதே காரணத்தால் நின்றது. ஒரு வருஷமாக வாங்குகிறவரை விட்டுவிட்டு நேற்று வந்தவருக்கா பரிசு?

அனுப்புவதற்கு வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். குரூப் தொடங்கினால் நூறு வீட்டுப் பெண்களின் நம்பரும் நூறு வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் ஒருவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை அவர்கள் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். ஸ்டேட்டஸில் போட்டால் ஒரு நாளில் மறைந்துவிடும், பார்த்தவர் பார்த்தது. பட்டன் போன் வைத்திருக்கிற 14 வீட்டுக்கு அவர் வாசலில் நின்று வாயாலேயே சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்தது.

இது நன்றியாகப் போய்ச் சேர்ந்ததா, விளம்பரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று பதிலைப் பார்த்தால் தெரியும். "கிலோ எவ்வளவு?" என்று பதில் வந்தால் விளம்பரம். இவருக்கு அப்படி ஒன்றுகூட வரவில்லை. "புயல்ல எங்க வீட்டுலயும் முழங்கால் தண்ணிக்கா" என்று அவரவர் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் மட்டும், "போன வாரமும் கொஞ்சம் புளிப்புதான்" என்று அனுப்பினார்! அவருக்கு அன்றைக்கே போன் செய்து பேசினார்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்களை உங்களுக்குத் தெரியும், தாத்தாவும் பேரன்களும் சமைப்பார்களே. 2021 ஜூலையில் அவர்களைப் பின்தொடர்கிறவர்கள் ஒரு கோடி ஆனபோது முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து மேலும் ஒன்று கேட்காமல், கொடுத்தார்கள். நம்மால் லட்சம் முடியாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியும்.

பின்னால் இருந்து ஒரு கேள்வி வந்தது. "மேடம், நான் துணி தைக்கிறேன், எனக்கு முப்பது பேர்தான், நான் என்னத்த சொல்ல?" என்று. முப்பது பேர் என்றால் வீடியோவே வேண்டாம் அம்மா. ஒவ்வொருவருக்கும் தனியாக, அவர்கள் பேரைச் சொல்லி, குரலை மட்டும் பதிந்து அனுப்புங்கள். ஆளுக்கு அரை நிமிஷம் போதும். "உங்க பொண்ணு காதுகுத்துக்குத் தச்ச பாவாடைதான் நான் முதல்ல தச்ச பட்டு" என்று நூறு பேர் வைத்திருப்பவரால் ஒவ்வொருவரிடமும் சொல்ல முடியாது. உங்களால் முடியும்.

டீ வந்துவிட்டது. வணக்கம்.