கன்று முட்டினால்தான் பால் இறங்கும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன மாதம் நம்ம மேல் டிவிஷனில் ஒரு குடும்பத்துக்கு வந்த கஷ்டத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். அவர்கள் சேமித்த பணத்தில் ஒரு பசு வாங்கினார்கள். செங்கலடிப் பக்கத்து மாடு. பதுளைக்குப் போகிற ரோட்டில் கன்றோடு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முதல் மூன்று வாரம் காலையில் மூன்று போத்தல் பால் கிடைத்தது. அப்புறம் யாரோ, "கன்னுக்குட்டி பால் பூராவையும் குடிச்சிடும், பிரிச்சிடுங்க" என்று சொல்ல, கன்றைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றையிலிருந்து ஒரு போத்தல்கூட சரியாக வரவில்லை. மாடு உதைக்க ஆரம்பித்தது. போதாததற்கு, பால் எடுக்கிற இடத்தில் கொழுப்புக் குறைவு என்று சொல்லி, தண்ணீர் கலந்தீர்களா என்றும் கேட்டுவிட்டார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே நம்மிடம் வந்தார்.

நாம் போய்ப் பார்த்தோம். கறந்து முடித்த பிறகும் மடி இறுகி நிறைந்தே இருந்தது. இதுதான் முக்கியமான அடையாளம். பால் வற்றிய மாட்டின் மடி, கறக்குமுன்னும் தளர்ந்து தொங்கும். பாலை அடக்குகிற மாட்டின் மடி கறந்த பிறகும் இறுகியிருக்கும். ஆனால் ஒரு காம்பின் பக்கம் மட்டும் சூடாக, கல்லுப்போல இருந்து பாலில் கட்டி வந்தால் அது மடிநோய். அதற்கு மிருக வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டும். இந்த மாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பால் உள்ளே இருக்கிறது, ஏன் வரவில்லை? பால் முழுவதும் காம்புக்கு மேலே ஒரு பையில் தேங்கி நிற்பதில்லை. பெரும்பகுதி மடியின் மேல் பக்கத்தில் சின்னச் சின்ன அறைகளுக்குள் இருக்கிறது. அதை நம்ம கையால் பிழிந்து இறக்க முடியாது. கன்று முட்டும்போதும், தாய் அதை நக்கும்போதும், மூளைக்கு அடியில் உள்ள சிறிய சுரப்பியிலிருந்து ஒக்சிற்றோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கும். ஒரு நிமிஷத்துக்குள் அது மடிக்கு வந்து அந்த அறைகளை அமுக்கும். அப்போதுதான் பால் கீழே இறங்கும். அதன் வேலை ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரைதான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு பயந்துவிட்டால் அதிரினலின் என்ற வேறொரு சுரப்பு வந்து இதை மறித்துவிடும். பிறகு அரை மணிநேரம் காம்பைப் பிடித்து இழுத்தாலும் பிரயோசனமில்லை, மாட்டுக்கு வலிதான் மிச்சம்.

கொழுப்புக் கதையும் இங்கேதான் இருக்கிறது. முதலில் வருகிற பால் தண்ணியாக இருக்கும். கடைசியாக வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம். மேலே அடக்கி வைத்த பால்தான் அந்தக் கடைசிப் பால். ஆகவே அந்த அம்மா ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கவில்லை.

பக்கத்து லயத்தில் பிரீசியன் கலப்பு மாடு கன்று இல்லாமலே பால் கொடுக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த இனத்துக்குக் காம்புக்கு மேலேயுள்ள பை பெரிது. அத்தோடு கன்றில்லாமல் கறக்கிற பழக்கத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த மாடு. மட்டக்களப்பு நாட்டு மாடும் அதன் கலப்பும் அப்படியல்ல. ஆகவே ஒன்றுக்குச் சொன்ன புத்தி மற்றதுக்குப் பொருந்தாது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பட்டிக்காரர்கள் எப்படிக் கறக்கிறார்கள் என்று முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறோம். மாலையில் கன்றுகளைத் தனியாக அடைத்துவிடுவார்கள். விடிய, ஒரு கன்றை மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிப்போய்த் தன் தாயை முட்டும். கன்றின் வாயில் நுரை தெரிந்ததும் இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டிவிடுவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டு நிற்கும். பின்னங்காலுக்கு அணைகயிறு போட்டுவிட்டுக் கறப்பார்கள். நாம் ஒரு பெரியவரிடம், கன்றைத் தூரத்தில் கட்டினால் என்ன என்று கேட்டோம். "தம்பி, மாடு கண்டைப் பாக்கணும், மணக்கணும், நக்கணும். ஒங்கட முகத்தப் பாத்து அது பால் தராது" என்றார். நாம் சிரித்தாலும், உண்மை அதுதான்.

நம்ம குடும்பத்துக்கும் அதையே சொன்னோம். அன்றே கன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரவில் கன்று, தாய்க்குப் பக்கத்தில் மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் படுத்தது. இன்னொரு தவறையும் கண்டோம். காலையில் பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு நாள் அம்மா கறப்பார், மறுநாள் மகன், இன்னொரு நாள் பக்கத்து வீட்டு ஆள். நாயும் கொட்டில் வாசலில் குரைத்துக்கொண்டு நிற்கும். லொறியில் வந்து, புது இடத்தில் மிரண்டு நிற்கிற மாட்டுக்கு இது போதாதா? கறக்கிறது அம்மா மட்டும் என்று முடிவு செய்தோம். நேரம் நாலே முக்கால். தவிடும் புண்ணாக்கும் முதலே முன்னால் வைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடியைத் துடைக்க வேண்டும். கன்றை ஒரு நிமிஷம் ஊட்டவிட்டு, காம்புகள் விம்மியதும் முன்னங்காலில் கட்டி, உடனே கறக்கத் தொடங்க வேண்டும். உதைத்தால் அடிக்கக் கூடாது. அடித்தால் அன்றைய பால் அவ்வளவுதான்.

முதல் நாள் ஒன்றரைப் போத்தல்தான். நாலாம் நாள் இரண்டரை. கறந்த பிறகு கன்றை அவிழ்த்துவிட்டார்கள், மிச்சத்தை அது குடித்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: கடைசிப் பாலைக் கன்று குடிப்பதால் கொழுப்பு அளவு முழுக்கக் கறந்த பாலைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். அதற்குப் பதிலாக மாடு வற்றாமல் கறக்கும், கன்றும் வளரும். பால் உள்ளேயே தங்கினால் மடி நாளுக்கு நாள் சுரப்பைக் குறைத்துக்கொண்டே போகும், மடிநோயும் சுலபமாக வரும்.

பால் இறக்க ஊசி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் அதே ஒக்சிற்றோசின்தான். மிருக வைத்தியர் தேவைக்குப் போட்டால் வேறு. தினமும் போட்டுப் பழக்கினால் பிறகு ஊசி இல்லாமல் மாடு பால் இறக்காது. ஊசியைக் கண்டாலே மிரளவும் தொடங்கும்.

கன்று செத்துப்போனால்? அந்தக் காலத்தில் தோலுக்குள் வைக்கோல் அடைத்து முன்னால் வைப்பார்கள். சில மாடு மணத்தில் ஏமாறும், சில மாடு ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும். தோல் அழுகினால் ஈயும் நோயும் வரும். அதைவிட, ஒரே ஆள், ஒரே நேரம், முன்னால் தீனி, ஒரு நிமிஷம் மடியைத் தடவிக் கொடுப்பது என்று பழக்குவது மேல். நாட்டு மாடு சிலது அப்படியும் வற்றிவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளைக்குக் காலையில் அந்தக் கொட்டிலில் கறப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு பேர் போதும், நாயைக் கூட்டிவர வேண்டாம். புது முகங்கள் கூடினால் அது திரும்பவும் பாலை அடக்கிவிடும்.