உபயக் காசு கேட்கும் கடிதம்



கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயத்தை ஒரு ஒழுங்கைச் சனமே சேர்ந்து எடுப்பதுண்டு. காசு கேட்டுக் கடிதம் போகும். ‘தங்களால் இயன்றதைத் தந்துதவவும்’ என்று அதில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் என்ன கொடுத்தார் என்று பார்த்துக்கொண்டு எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

அதனால் தொகையைக் கடிதத்திலேயே குறித்துக் கேளுங்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். மேளம், பூமாலை, சாத்துப்படி, அன்னதானம் எல்லாம் சேர்த்து 1,44,000 ரூபா. குடும்பங்கள் 48. பிரித்தால் குடும்பத்துக்கு 3,000. ஆனால் 48 குடும்பமும் கட்டுவது நடக்கிற காரியமில்லை. 40 என்று வைத்து 3,600 கேளுங்கள். கூடச் சேர்ந்தால் மிச்சத்தை அடுத்த வருசத்துக்கு வையுங்கள். கடைசித் திகதி காலபோக நெல் விற்றுக் கையில் காசு வந்த பிறகாக இருக்கட்டும். விதைப்பு நேரத்தில் கேட்டு என்ன பயன்?

வங்கிக் கணக்கு ஒழுங்கைச் சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இருப்பது நல்லது. பெயர், கிளை, கணக்கிலக்கம் மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். அதிலும் ஒரு சிக்கல் வரும். கணக்கில் ஐந்து 3,600 வந்திருக்கும். யார் போட்டதென்று பொருளாளருக்கே தெரியாது. வெளிநாட்டு மகன் போட்டிருந்தால் இன்னும் குழப்பம். அதற்கு ஒரு வழி: குடும்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்து, அதைத் தொகையோடு கூட்டிப் போடச் சொல்லுங்கள். 17ஆம் இலக்கக் குடும்பம் 3,617 ரூபா போடும். பெயரே இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். பற்றுச்சீட்டை அன்றைக்கே எழுதிவிடலாம்.